மனை வரைபடத்தில் அளந்த தூரம் சரிதானா?

வரைபடத்தில் 1:100 என்று இருந்தால், தாளில் 1 செ.மீ. என்பது தரையில் 100 செ.மீ., அதாவது 1 மீட்டர். ஸ்கேல் வைத்து அளந்து பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். ஆனால் கையில் இருப்பது மூலத் தாளா, ஜெராக்ஸா என்று முதலில் பாருங்கள். ஏ3 தாளைச் சுருக்கி ஏ4-இல் எடுத்தால் கோடுகள் சுமார் 71 சதவீதமாகக் குறையும். 1:100 என்ற எழுத்து மட்டும் அப்படியே நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க, அளவு எழுதப்பட்ட நீளமான கோடு ஒன்று போதும். மனையின் முகப்பு 30 அடி, அதாவது 9.14 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூலத் தாளில் அது 9.14 செ.மீ. இருக்க வேண்டும். உங்கள் தாளில் 6.5 செ.மீ.தான் இருக்கிறதா? 914-ஐ 6.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 141 வரும். இந்தத் தாளின் உண்மையான விகிதம் 1:141.

பக்கவாட்டில் விட வேண்டிய காலியிடம் தாளில் 11 மி.மீ. இருந்தால், 100-ஆல் பெருக்கும்போது 1.1 மீட்டர், 141-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1.55 மீட்டர். சுவரை எங்கே எழுப்புவது என்பதையே மாற்றிவிடும் வித்தியாசம் இது.

ஆழத்துக்கும் இதேபோல் ஒரு கோட்டைச் சரிபாருங்கள். இரண்டு விகிதங்களும் ஒத்துப்போகாவிட்டால் நகல் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது. அதை அளக்கவே வேண்டாம். சரியான தாளிலும் ஒரு மி.மீ. பிசகினால் தரையில் 10 செ.மீ. போய்விடும். அதனால் அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது, வரைபடத்தில் எழுதியிருக்கும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.