வச்சு, வித்து: பேச்சுத்தமிழில் ஒளிந்திருக்கும் விதிகள்

‘ஐந்து’ என்று எழுதுகிறோம். ‘அஞ்சு’ என்று சொல்கிறோம். ‘வைத்து’ என்று எழுதுகிறோம். ‘வச்சு’ என்று சொல்கிறோம். இதைக் கொச்சை என்று தள்ளிவிடுவோர் உண்டு. நான் அப்படி நினைப்பதில்லை. உலகின் ஒலியனியலாளர்களை அரை நூற்றாண்டாக இரு அணியாகப் பிரித்து வைத்திருக்கும் ஒரு சிக்கல் இந்தச் சின்னச் சொற்களுக்குள் இருக்கிறது.

முதலில் ‘படித்து’ என்பதைப் பாருங்கள். பேச்சில் அது ‘படிச்சு’ ஆகிறது. ‘நனைந்து’ என்பது ‘நனைஞ்சு’ ஆகிறது. இகரத்துக்கும் ஐகாரத்துக்கும் பின்னால் வரும் த்த, ந்த என்பன ச்ச, ஞ்ச ஆகின்றன. இகரம் சொல்லும்போது நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தை நோக்கி எழுகிறது. அடுத்த மெய்யும் அங்கேயே பிறந்துவிடுகிறது. அகரத்தின் பின் இது நிகழ்வதில்லை. ‘பத்து’ பச்சு ஆவதில்லை. ‘வந்து’ வஞ்சு ஆவதில்லை.

அப்படியானால் ‘வச்சு’ எப்படி வந்தது? அங்கே சகரத்துக்கு முன் நிற்பது அகரம்தானே! விடை எளிது. ‘வைத்து’ முதலில் ‘வைச்சு’ ஆனது. பிறகு ஐகாரம் அகரமாயிற்று. ச, ஞ, ய ஆகியவற்றின் முன் அகரமும் ஐகாரமும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரும் என்று நன்னூலார் போலி பற்றிச் சொன்னது இங்கே நினைவுக்கு வர வேண்டும். முதல் விதி சகரத்தை உண்டாக்கியது. அந்தச் சகரமே இரண்டாம் விதிக்கு வழிவிட்டது. இரண்டாம் விதியோ, முதல் விதிக்குக் காரணமாயிருந்த ஐகாரத்தை அழித்துவிட்டது. காரியம் இருக்கிறது, காரணத்தைக் காணோம். இவ்வாறு விதியின் காரணம் மேலே தெரியாமல் மறைந்துபோவதைப் போல் கிபார்ஸ்கி 1970களின் தொடக்கத்தில் ‘ஒபாசிட்டி’ என்ற பெயரில் ஆராய்ந்தார். ‘மறைநிலை’ என்று அதைச் சொல்லலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘விற்று’ என்பதைப் பல ஊர்களில் ‘வித்து’ என்கிறார்கள். இகரத்தின் பின் த்த நிற்கிறது. ஆனால் யாரும் ‘விச்சு’ என்பதில்லை. ற்ற என்பது த்த ஆகும் முன்பே சகர விதி தன் வேலையை முடித்துவிட்டது. இங்கே காரணம் இருக்கிறது, காரியம் இல்லை.

சொம்ஸ்கியும் ஹலேயும் 1968இல் நிலைநாட்டிய முறையில் இரண்டுக்கும் ஒரே விளக்கம் போதும்: விதிகள் வரிசையில் இயங்குகின்றன, சகர விதி முதலில். 1993இல் பிரின்ஸும் ஸ்மொலென்ஸ்கியும் முன்வைத்த ஒப்டிமலிட்டி கோட்பாட்டில் வரிசை இல்லை. வரக்கூடிய வடிவங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் போட்டியிடும். தரவரிசைப்படுத்திய கட்டுப்பாடுகளுக்கு எது மிகப் பொருந்துகிறதோ அது வெல்லும்.

போட்டியை நடத்திப் பார்ப்போம். ‘ஐகாரத்தின் பின் த்த கூடாது’, ‘சகரத்தின் முன் ஐகாரம் கூடாது’, ‘மூல ஒலியை மாற்றாதே’ ஆகியவை கட்டுப்பாடுகள். ‘வைத்து’ முதலாவதை மீறுகிறது. ‘வைச்சு’ இரண்டாவதை மீறுகிறது. எஞ்சுவன ‘வச்சு’, ‘வத்து’. இரண்டும் முதலிரு கட்டுப்பாடுகளுக்கும் இணங்குகின்றன. ஆனால் ‘வத்து’ மூலத்தில் ஐகாரத்தை மட்டும் மாற்றியது. ‘வச்சு’ மெய்யையும் சேர்த்து மாற்றியது. ஆகவே கட்டுப்பாடுகளை எப்படி அடுக்கினாலும் ‘வச்சு’ வெல்ல முடியாது. நாம் சொல்வதோ ‘வச்சு’தான்.

கட்டுப்பாட்டு அணியிடம் நல்ல பதில் ஒன்று உண்டு. ஐகாரத்தை அகரமும் யகர மெய்யுமாகப் பிரித்தால், அந்த ய், த்தவுடன் கலந்து ச்ச ஆயிற்று எனலாம். அப்போது எதுவும் தொலையவில்லை. ‘வத்து’தான் ஒலியைத் தொலைத்த குற்றவாளி. எனக்கு இது பிடிக்கும். ஆனால் ‘படிச்சு’ என்பதில் இகரம் கலக்காமல் அப்படியே நிற்கிறது. ஒரே மாற்றத்துக்கு அங்கே ஒரு விளக்கம், இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. ‘வித்து’ சொல்லுக்கு ‘றகரம் சகரம்வரை போகக் கூடாது’ என்ற மூன்றாவது ஒன்றும் வேண்டும். மக்கார்தி 1999இலும் 2007இலும் புதிய வழிகளைத் தேடியது இத்தகைய மறைநிலைகளுக்காகவே. 2007இல் அவர் ஒவ்வொரு வடிவமும் படிப்படியாக உருவாகும் சங்கிலியை ஏற்றார். வரிசை பின்வாசலால் திரும்பி வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

என்றாலும் வரிசை அணியும் நிம்மதியாகத் தூங்க முடியாது. ‘நித்திரை’ நிச்சிரை ஆவதில்லை. ‘இத்தா’ இச்சா ஆவதில்லை. சகர விதி பெரும்பாலும் வினையின் இறந்தகால இடைநிலையிலேயே வேலை செய்கிறது. அப்படியானால் குழந்தை உண்மையில் விதிகளை வரிசையாகக் கற்கிறதா, அல்லது ‘வச்சு’, ‘அஞ்சு’ என்பவற்றை முழுச்சொற்களாக மனத்தில் வைத்துக்கொள்கிறதா? சொற்பட்டியல் இதைத் தீர்க்காது. இகரத்திலும் ஐகாரத்திலும் முடியும் பொய்வினைகளை உருவாக்கி, அவற்றின் இறந்தகாலத்தைச் சிறுபிள்ளைகளிடம் கேட்க வேண்டும். ‘மை’ என்று ஒரு வினை இருப்பதாகச் சொல்லி, ‘நேத்து என்ன செய்தான்?’ என்று உங்கள் தம்பி தங்கையரிடம் கேட்டுப் பாருங்கள். ‘மைச்சான்’, ‘மச்சான்’, ‘மத்தான்’ ஆகியவற்றில் எது வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘மச்சான்’ என்று சொல்லிவிட்டுச் சிரித்தால் அதையும் எழுதி வையுங்கள்.