முதல் வருஷ டார்கெட்: சப்ஸ்கிரைபர் இல்லை, மணிக்கணக்கு

"ஒரே வருஷத்துல 10,000 சப்ஸ்கிரைபர்" என்ற டார்கெட் நம்ம கையில் இல்லை. கையில் இருப்பதை வைத்துக் கணக்குப் போடுவோம்.

நீள வீடியோ போடுபவருக்கு விளம்பர வருமானம் வர, யூடியூப் 1,000 சப்ஸ்கிரைபரோடு, கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் கேட்கிறது. ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் இதில் சேராது.

வேலைக்குப் போய்க்கொண்டே ஒருவர் நிலக்கோட்டை பூ மார்க்கெட் பற்றி மாதம் 2 வீடியோ போடுகிறார்னு வைங்க. வருஷத்துக்கு 24. ஒவ்வொன்றுக்கும் 300 வியூஸ், சராசரியாக 3 நிமிடம் பார்க்கிறார்கள் என்றால் மொத்தம் 360 மணி நேரம். அதே வியூஸில் 4 நிமிடம் பார்க்க வைத்தால் 480. அந்த ஒரு நிமிடம்தான் கற்க வேண்டிய திறமை.

யூடியூப் ஸ்டுடியோவில் ரிட்டென்ஷன் கிராஃபைப் பாருங்க. முதல் 30 விநாடியிலேயே கோடு சரிந்தால் முன்னுரை நீளம். வணக்கத்தைச் சுருக்கி, இன்றைய மல்லிகை விலையை முதலில் சொல்லுங்க.

480 எங்கே, 4,000 எங்கே! 12 மாதம் தாண்டிய மணி நேரமும் கணக்கிலிருந்து கழிந்துவிடும். அதனால் முதல் வருஷ பட்ஜெட்டில் சேனல் வருமானம் பூஜ்ஜியம்னே எழுதுங்க. அதை நம்பி கேமராவை இ.எம்.ஐ.யில் எடுக்காதீங்க. 24 வீடியோ, 4 நிமிடம்: டார்கெட் இதுதான்.