பாடம் 7: ஒரு பவுனின் கணக்கு

மாணவர்களே, பவுன் என்றால் எட்டுக் கிராம் தங்கம் என்பதை அறிவீர்கள். பாலக்காட்டு நகைக்கடையில் அதனையே 'பவன்' என்பர். மூணாற்றுத் தோட்டக் குடும்பமும் இலங்கையின் நுவரெலியாத் தோட்டக் குடும்பமும் சேமிப்பை அளப்பது இவ்வளவையால்தான். 'பவுண்டு' எனப்பட்ட பிரித்தானியப் பொற்காசின் பெயரே இவ்வாறு திரிந்தது.

2022 மார்ச்சுத் தொடக்கத்தில் இலங்கையில் ஓர் அமெரிக்க டாலரின் மதிப்பு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. அம்மாதம் மத்திய வங்கி ரூபாயைத் தாங்கிப் பிடிப்பதைத் தளர்த்தியது. மே மாதத்திற்குள் டாலர் 360 ரூபாயை எட்டியது.

தோட்டக் குடும்பம் ஒன்றிடம் 22 காரட்டுச் சங்கிலி ஒரு பவுன் இருந்ததாகக் கொள்வோம். அதில் தூய தங்கம் ஏறத்தாழ 7.33 கிராம். கிராம் 60 டாலர் எனக் கொண்டால் அதன் மதிப்பு 440 டாலர். அதாவது மார்ச்சில் 88,000 ரூபாய், மே மாதத்தில் 1,58,400 ரூபாய். பக்கத்து வீட்டார் அதே 88,000 ரூபாயைப் பணமாக வைத்திருந்தால், மே மாதத்தில் அது 244 டாலருக்கே ஈடாகும். சங்கிலி வளரவில்லை, ரூபாய்தான் சுருங்கியது.

ஆயினும் கடைக்காரர் 1,58,400 ரூபாயை அப்படியே எண்ணித் தரமாட்டார். வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்ப வாரா. அவர் நகையை உரைகல்லில் தேய்த்து, மாற்று அறிந்த தங்கத்தின் கோட்டோடு ஒப்பிடுவார். கோடு வெளிறினால் கலப்பு மிகுதி. கல், அரக்கு, பற்றாசு ஆகியவற்றின் எடையையும் கழிப்பார். பற்றுச்சீட்டு இல்லாதவர் அவர் சொல்லும் மாற்றை மறுப்பது அரிது.

இதனினும் பெரிய இடர் வேறு. அரிசிக்கு ஐயாயிரம் ரூபாய் தேவைப்படும்போது சங்கிலியில் ஒரு கண்ணியை வெட்டிக் கொடுக்க இயலுமா? ஆகவே பலர் விற்காமல் அடகு வைத்தனர். அடகுக்கடையார் மதிப்பில் ஒரு பகுதியையே கடனாகத் தருவார். அவ்வாண்டு ஏப்ரலில் மத்திய வங்கி தன் கடன் வட்டியை 14.5 விழுக்காடாக உயர்த்தியதால் அடகு வட்டியும் ஏறியது. தவணைக்குள் மீட்க இயலாதவரின் நகை ஏலத்திற்குச் சென்றது. விலையேறிய தங்கமே கைவிட்டுப் போயிற்று.

அச்சத்தால் உச்சவிலையில் வாங்கியோரும் உளர். 2023-இன் நடுவில் டாலர் ஏறத்தாழ 300 ரூபாய்க்கு இறங்கியது.

அருஞ்சொற்பொருள்
மாற்று – தங்கத்தின் தூய்மை அளவு
பற்றாசு – நகைத் துண்டுகளை இணைக்கும் உலோகக் கலவை

பயிற்சி
1. கிராம் விலை 60 டாலராகவே இருந்தால், டாலர் 300 ரூபாயாகும்போது அச்சங்கிலியின் மதிப்பு என்ன? மே மாதத்தில் அதனை வாங்கியவர் இழந்தது எவ்வளவு?
2. சேமிப்பை ஒரே சங்கிலியாக வைப்பதற்கும் ஒரு கிராம் காசுகளாக வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து வரிகளில் எழுதுக.