எண்ணிக்கை சொல்லும் கடிதம்

புதுச்சேரியில் உள்ள ஒரு கல்லூரியில் குருதிக்கொடை முகாம் நடத்த மாணவர்கள் விரும்பினர். மாணவ ஒருங்கிணைப்பாளர் மருத்துவமனைக் குருதி வங்கிக்கு எழுதிய முதல் வரைவில், “எம் கல்லூரியில் 140 பேர் குருதி வழங்கக் காத்திருக்கின்றனர்” என்று குறிப்பிட்டார். வரைவைப் படித்த பேராசிரியர், “இவர்கள் அனைவரும் குருதி வழங்கத் தகுதி உடையவர்களா?” என்று வினவினார்.

அவ்வினாவிற்குக் காரணம் உண்டு. குருதி வங்கி, கடிதத்தில் உள்ள எண்ணிக்கையைக் கொண்டே முகாமைத் திட்டமிடுகிறது. ஒரு மருத்துவர், செவிலியர் இருவர், தொழில்நுட்பர் மூவர், உதவியாளர்கள் ஆகியோர் அடங்கிய குழு, ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் 50 முதல் 70 பேரிடமும், ஐந்து மணி நேரத்தில் 100 முதல் 120 பேரிடமும் குருதி பெற இயலும் என்பது இந்திய விதிகளில் உள்ள அளவு. எண்ணிக்கையை மிகுத்துக் கூறினால் குழுவினரின் நேரம் வீணாகும். குறைத்துக் கூறினால் மாணவர்கள் நெடுநேரம் வரிசையில் நிற்க நேரிடும்.

ஒருங்கிணைப்பாளர் பெயர்ப் பட்டியலை மீண்டும் ஆராய்ந்தார். குருதி வழங்குபவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பட்டியலில் 32 பேருக்கு அவ்வயது நிறையவில்லை. எடை 45 கிலோவிற்குக் குறையாதிருக்க வேண்டும். மேலும் 14 பேர் அந்த எடையை எட்டவில்லை. ஆண்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதத்திற்கு ஒருமுறையுமே குருதி வழங்கலாம். அண்மையில் வழங்கியிருந்த 9 பேர் நீக்கப்பட்டனர். எஞ்சியவர் 85 பேர். முகாம் நாளில் குருதியின் ஹீமோகுளோபின் அளவு சோதிக்கப்படும். அது 100 மில்லிலிட்டருக்கு 12.5 கிராமிற்குக் குறைந்தால் அன்று குருதி பெறமாட்டார்கள். சிலர் வாராதும் போகலாம். ஆகவே 60 முதல் 70 பேர் என்று அவர் கணித்தார். திருத்திய கடிதம் பின்வருமாறு அமைந்தது.

விடுநர்
அ அ அ,
மாணவ ஒருங்கிணைப்பாளர்,
நாட்டு நலப்பணித் திட்டம்,
ஆ ஆ ஆ கல்லூரி, புதுச்சேரி.

வழி
கல்லூரி முதல்வர்.

பெறுநர்
மருத்துவ அலுவலர்,
குருதி வங்கி,
இ இ இ மருத்துவமனை, புதுச்சேரி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: குருதிக்கொடை முகாம் நடத்தித் தர வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். அக்டோபர் 1, தேசியத் தன்னார்வக் குருதிக்கொடை நாள். 01.10.2024 செவ்வாய்க்கிழமையன்று எங்கள் கல்லூரியில் தங்கள் குழுவினர் முகாம் நடத்தித் தருமாறு வேண்டுகிறோம். மறுநாள் விடுமுறையாதலால் குருதி வழங்கியோர் ஓய்வெடுக்க இயலும்.

வயது, எடை, முன்பு குருதி வழங்கிய நாள் ஆகியவற்றை ஆராய்ந்தபின் 85 பேர் பதிவு செய்துள்ளனர். அவர்களுள் 60 முதல் 70 பேர் குருதி வழங்குவர் என எதிர்பார்க்கிறோம். காலை 9.30 முதல் 12.30 வரை முகாமை நடத்தலாம் எனக் கருதுகிறோம்.

தரைத்தளத்தில் உள்ள கூட்ட அரங்கை ஒதுக்கியுள்ளோம். மின்வசதி, காற்றோட்டம், கைகழுவும் இடம் ஆகியன அங்கு உள்ளன. குருதி வழங்கியோர் அமர்ந்து ஓய்வெடுக்கத் தனியிடமும், அவர்களுக்குப் பழச்சாறும் பிஸ்கட்டும் ஏற்பாடு செய்வோம். காலை உணவு உண்ணாமல் எவரும் வரக்கூடாது என அறிவித்துள்ளோம்.

தங்கள் குழுவினர் முன்னதாக அரங்கைப் பார்வையிட விரும்பினால், வரும் நாளைத் தெரிவிக்க வேண்டுகிறோம். அந்நாளில் முகாம் நடத்த இயலாதெனின், வேறொரு நாளைக் குறித்துத் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: புதுச்சேரி
நாள்: 06.09.2024

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அ அ அ

இக்கடிதத்தில் குருதிக்கொடையின் பெருமையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதனைப் பெறுநர் நன்கு அறிவார். அவர் அறியாதவை நாள், நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவையே. ‘140 பேர்’ என்னும் முதல் வரைவை நம்பியிருந்தால், ஐந்து மணி நேரத்திற்கான பைகளுடன் குழுவினர் வந்து, பாதியளவே பயன்படுத்தித் திரும்பியிருப்பர்.

அருஞ்சொற்பொருள்
குருதி – இரத்தம்
விடுநர் – அனுப்புபவர்
பெறுநர் – பெற்றுக்கொள்பவர்
வரைவு – முதற்படி எழுத்து

பயிற்சி
1. பட்டியலில் இருந்த 140 பேர் 85 பேராகக் குறைந்தது எவ்வாறு?
2. 85 பேர் பதிவு செய்திருந்தும், 60 முதல் 70 பேரையே எதிர்பார்ப்பதாக எழுதியது ஏன்?
3. ஒரு கல்லூரியில் தகுதியுடைய 110 பேர் குருதி வழங்க உள்ளனர். முகாமிற்கு எத்தனை மணி நேரம் கேட்க வேண்டும்? அப்பத்தியை மட்டும் திருத்தி எழுதுக.