'போல' வந்தால் எல்லாம் உவமையா?
செய்யுள் கேள்விகளில் மதிப்பெண் குறைவது எங்கே



தமிழ்த் தாளில் "பயின்று வந்துள்ள அணி யாது? விளக்குக" என்றும், ஆங்கிலத் தாளில் "ஃபிகர் ஆஃப் ஸ்பீச்" எது என்றும் கேட்பார்கள். பிள்ளைகள் அணியின் பெயரை மனப்பாடமாக எழுதிவிடுகிறார்கள். ஏன் அந்த அணி, அதனால் என்ன பயன் என்று எழுதாததால் மதிப்பெண் குறைகிறது. அதை இம்மாதம் பார்ப்போம்.

முதலில் உவமை. "குழந்தையின் கை பஞ்சு போல மென்மையானது." இதில் கை உவமேயம், பஞ்சு உவமானம், 'போல' உவம உருபு, மென்மை பொதுத்தன்மை. விடையில் இந்த நான்கையும் பிரித்துக் காட்ட வேண்டும். சில அடிகளில் உருபு மறைந்தும் வரும்.

உருவகத்தில் இரண்டு பொருளும் ஒன்றாகிவிடும். 'பசித்தீ' என்றால் பசியாகிய தீ, பசியே தீ. இங்கே சொல் வரிசை முக்கியம். 'மதிமுகம்' என்பது மதி போன்ற முகம், அது உவமை. 'முகமதி' என்பது முகமாகிய மதி, அது உருவகம். நடுவில் 'போன்ற' பொருந்துகிறதா, 'ஆகிய' பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

அடுத்தது, உயிரற்ற பொருளுக்கு மனிதரின் பேச்சையும் செயலையும் கொடுப்பது. ஆங்கிலத்தில் இதற்குப் பெர்சானிஃபிகேஷன் என்று பெயர். தமிழில் இதற்கு நெருக்கமானது தற்குறிப்பேற்ற அணி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இயல்பாக நடக்கும் ஒரு நிகழ்ச்சியின் மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொன்னால்தான் அது தற்குறிப்பேற்றம்.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. கொடி அசைவது இயல்பு. இளங்கோவடிகளோ, "இங்கே வராதீர்கள்" என்று அவை கை காட்டித் தடுப்பதாகச் சொல்கிறார். அந்த அடியில் 'போல்' என்ற சொல்லும் வருகிறது. அதைப் பார்த்தவுடன் உவமை என்று எழுதிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. கொடி எந்தப் பொருளோடு ஒப்பிடப்படுகிறது, பொதுத்தன்மை எது என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காது. கொடிக்கு இல்லாத ஓர் எண்ணம் அதன்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. ஆகவே இது தற்குறிப்பேற்ற அணி. பயன் என்ன? கோவலன் அந்த நகரில் கொலைப்படப் போகிறான் என்ற அச்சம் முன்கூட்டியே நம் மனத்தில் விழுகிறது.

இனி ஆங்கிலப் பாடம். ருட்யார்ட் கிப்ளிங்கின் "தி சீக்ரெட் ஆஃப் தி மெஷின்ஸ்" 1911-ல் வெளிவந்த கவிதை. பனியன் கம்பெனி மெஷின்களின் சத்தத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இது எளிதில் புரியும். கவிதையில் பேசுவது மெஷின்களே. சுரங்கத்திலிருந்து எடுத்து, உலையில் உருக்கித் தங்களைச் செய்ததாகவும், தண்ணீரும் நிலக்கரியும் எண்ணெயும் கொடுத்தால் போதும் என்றும் 'நாங்கள்' என்று தன்மையில் பேசுகின்றன. தங்களுக்கு அன்போ இரக்கமோ மன்னிப்போ தெரியாது, கையாள்வதில் தவறினால் உயிர் போகும் என்று எச்சரிக்கின்றன. இறுதியில் தாங்கள் மனித மூளை பெற்ற பிள்ளைகளே என்கின்றன.

இதற்கு விடை எழுதும் முறை:

முதல் வாக்கியம், அணியும் காரணமும்: "மெஷின்கள் மனிதரைப் போலப் பேசுவதால் இது பெர்சானிஃபிகேஷன்."

இரண்டாவது, சான்று: "தமக்கு இரக்கம் தெரியாது என்று தாமே சொல்கின்றன."

மூன்றாவது, பயன்: "எச்சரிக்கை மெஷினின் வாயிலிருந்தே வருவதால் அதன் வலிமையும் ஆபத்தும் நேராக உணரப்படுகின்றன."

மூளை பெற்ற பிள்ளைகள் என்ற இடத்தில் ஒப்பீட்டுச் சொல் இல்லை, மெஷின்களே பிள்ளைகள். அது உருவகம், ஆங்கிலத்தில் மெட்டஃபர். ஒரே கவிதையில் இரண்டு அணி வரலாம். எந்த அடியைக் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும்.

பயன் எழுதும்போது "கவிதைக்கு அழகு சேர்க்கிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். அது எந்த அணிக்கும் பொருந்தும். அந்த அணியை எடுத்துவிட்டு வெறும் செய்தியாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எது குறைகிறதோ அதுவே பயன். "காற்றில் கொடி அசைந்தது" என்றால் அச்சம் போய்விடுகிறது அல்லவா!

வீட்டில் செய்து பார்க்க மூன்று வரிகள்:

1. சிக்கிய நூல் போலக் குழம்பியது கணக்கு.
2. கடன்சுமை அவனை அழுத்தியது.
3. பின்னல் மெஷின் இரவெல்லாம் முணுமுணுத்தது.

விடை: முதலாவது உவமை, பொதுத்தன்மை குழப்பம். இரண்டாவது உருவகம், கடனாகிய சுமை. மூன்றாவது பெர்சானிஃபிகேஷன், முணுமுணுப்பது மனிதர் செயல். ஒவ்வொன்றின் பயனையும் பிள்ளைகள் ஒரு வாக்கியத்தில் சொல்லட்டும், பெற்றோர் கேளுங்கள்.