பொங்கல் ஏன் ஒரு நாள் தள்ளிப் போகிறது?



2025-ல் பொங்கல் ஜனவரி 14. அதே ஞாபகத்தில் எங்க அப்பா 2026-லும் 14, 15 இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு திருப்பூரிலிருந்து வந்துவிட்டார். வந்து பார்த்தால் பொங்கல் 15! மாட்டுப் பொங்கலுக்கு முன்னாலேயே பஸ் ஏறிவிட்டார். "லீப் வருஷம்கூட இல்லையே, எப்படி மாறிச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அறிவியல் சாரிடம் கேட்டு, நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நேரம்தான் தை பிறக்கும் நேரம். அது சூரியன் மறைவதற்குள் வந்துவிட்டால் அன்றே தை 1. மறைந்த பிறகு வந்தால் மறுநாள்தான் தை 1. ஜனவரி நடுவில் நம்ம பக்கம் சூரியன் மறைவது ஏறக்குறைய மாலை 6 மணிக்கு.

சூரியன் மறுபடி அதே இடத்துக்கு வர, வாக்கியப் பஞ்சாங்கக் கணக்குப்படி 365 நாளும் 6 மணி 12 நிமிடமும் ஆகும். காலண்டரிலோ 365 நாள்தான். அதனால் தை பிறக்கும் நேரம் வருஷா வருஷம் 6 மணி 12 நிமிடம் பிந்துகிறது.

2025-ல் 14-ஆம் தேதி பகல் சுமார் 12.30-க்குத் தை பிறந்தது. 2026-ல் அது மாலை 6.40 ஆனது. சூரியன் மறைந்துவிட்டதே, அதனால் பொங்கல் 15. 2027-ல் நள்ளிரவைத் தாண்டி 12.50, 2028-ல் காலை 7 மணி. இரண்டுமே 15-ஆம் தேதிதான். 2028 லீப் வருஷம். ஆனால் பிப்ரவரி 29 வருவது பொங்கலுக்கு அப்புறம் அல்லவா! அந்தக் கூடுதல் நாள் 2029 பொங்கலைத்தான் ஒரு நாள் பின்னுக்கு இழுக்கும். மறுபடி 14, பகல் 1.15-க்கு. லீப் வருஷத்திலேயே தேதி மாறும் என்று நான் நினைத்திருந்தது தப்பு.

இன்னொன்றும் இருக்கிறது. நாலு வருஷத்தில் சேர்வது 24 மணி 50 நிமிடம். லீப் நாள் திருப்பித் தருவது 24 மணிதான். 50 நிமிடம் மிச்சம் நின்றுவிடுகிறது. 2022-ல் தை பிறந்தது மாலை 6-க்குச் சற்று முன்னால். மயிரிழையில் தப்பி 14-ஆம் தேதியே பொங்கல் வந்தது. நாலு வருஷம் கழித்து 2026-ல் அந்த 50 நிமிடம்தான் எல்லையைத் தாண்டவைத்துவிட்டது. அப்பாவுக்கு லீவு போனது இதனால்தான்!

திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் 2026 தை பிறப்பு 14 பிற்பகல் மூன்று மணியை ஒட்டியே வருகிறது. அந்தக் கணக்கில் அன்றே தை 1. அரசு விடுமுறை 15-ஆம் தேதிக்குத்தான் விட்டார்கள்.

அப்பாவுக்குப் போன் பண்ணி 2027, 2028 இரண்டுக்கும் 15, 16 லீவு கேட்கச் சொல்லிவிட்டேன். 2029-க்கு மட்டும் 14, 15.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி