அடிச்ச விலையைப் பார்க்குறதுக்கு முன்னாடி உன் விலையை எழுதி வை

தங்கச்சி, மிக்ஸி வாங்கணும்னு போன்ல தேடிட்டு இருக்கேன்னு சொன்னியே, வாங்குறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிடு.

ரெண்டு மிக்ஸி வருதுன்னு வச்சுக்கோ. ரெண்டுமே 750 வாட்ஸ், மூணு ஜார், ரெண்டு வருஷம் வாரன்டி. முதல் மிக்ஸில 6,999 ரூபாயைக் கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல 2,999, 57% தள்ளுபடின்னு போட்டிருக்கான். ரெண்டாவதுல 3,699-ஐ அடிச்சு 2,899, 22% தள்ளுபடி. உன் கை எதுக்குப் போகும்? பெரும்பாலும் முதல் மிக்ஸிக்குத்தான். அதுல நாலாயிரம் மிச்சம், இதுல எண்ணூறுதான் மிச்சம்னு தோணும். ஆனா பர்ஸிலிருந்து 100 ரூபாய் அதிகமா போறது முதல் மிக்ஸிக்கு.

முதல்ல கண்ணுல படுற எண்ணை வச்சுத்தான் மனசு அளக்க ஆரம்பிக்கும். ட்வெர்ஸ்கி, கானமன்னு ரெண்டு உளவியல் அறிஞர்கள் 1974-ல எழுதின கட்டுரைல இதைக் காட்டினாங்க. ஒரு சக்கரத்தைச் சுத்தவிட்டு, ஐ.நா. சபைல ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம்னு கேட்டாங்க. சக்கரம் 10-ல நின்னதைப் பார்த்தவங்க சொன்ன பதில் 25 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 65-ஐப் பார்த்தவங்க பதில் 45-ஐ ஒட்டி இருந்தது. சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படி இருந்தும் இவ்வளவு இழுத்துதுன்னா, நீ வாங்கப் போற பொருளுக்குப் பக்கத்துலயே போட்ட விலை எவ்வளவு இழுக்கும்னு பாரு. அது பொய் விலைன்னு தெரிஞ்சாலும் இழுக்கும். அதனால 'நான் ஏமாற மாட்டேன்'கிற தைரியம் இங்கே உதவாது.

அந்த 6,999 எங்கிருந்து வருது? அது எம்.ஆர்.பி. பெட்டில தயாரிப்பாளர் அச்சடிக்குற அதிகபட்ச சில்லறை விலை, எல்லா வரியும் சேர்த்து. அதுக்கு மேல விற்றா குற்றம், அவ்வளவுதான். அந்த விலைக்கு யாராவது வாங்கினாங்கன்னு அதுக்கு அர்த்தம் கிடையாது. மிக்ஸி மாதிரி பொருளுக்கு எவ்வளவு உயரமா அச்சடிக்கணும்கிறதைத் தயாரிப்பாளரே முடிவு பண்றார். பிஸ்கெட், சோப்பு, பற்பசை எல்லாம் தெருக்கடைல அந்த விலைக்கே விற்குது, அதனால அதுல பத்து சதவீதம் குறைஞ்சா அது நிஜக் குறைவு. மிக்ஸி, நான்ஸ்டிக் தவா, இயர்போன், மெத்தை, சுடிதார் செட் இதுல எல்லாம் எம்.ஆர்.பி. ரொம்ப மேல நிற்கும். வருஷம் முழுக்க பாதி விலைலயே விற்குற பொருளுக்குப் பாதி விலைதான் விலை.

அதனால தேடுறதுக்கு முன்னாடியே ஒரு தாள்ல ரெண்டு வரி எழுது. என்ன வேணும், அதுக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பேன். '750 வாட்ஸ், மூணு ஜார், 3,000-க்குள்ள.' அடிச்ச விலையைப் பார்த்த பிறகு எழுதினா பிரயோஜனம் இல்லை, அதுக்குள்ள உன் எண்ணும் மேல ஏறியிருக்கும். போன்ல வரிசைப்படுத்தும்போது '50% தள்ளுபடிக்கு மேல்'ங்கிற வடிகட்டியைத் தொடாதே. அதைத் தொட்டா, எம்.ஆர்.பி.யை உயர்த்தி அச்சடிச்ச பொருள்தான் முன்னாடி வந்து நிற்கும். விலை குறைவிலிருந்து அதிகம்னு வரிசைப்படுத்திட்டு, உனக்கு வேண்டிய வாட்ஸும் வாரன்டியும் எங்கே தொடங்குதுன்னு பாரு.

அடுத்தது பழைய விலை. அவசரம் இல்லைன்னா மாடல் எண்ணோட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு வாரம் ஒரு தடவை பாரு. ஐரோப்பிய ஒன்றியத்துல, விலை குறைச்சிருக்கோம்னு அறிவிக்குற கடை பொதுவா அதுக்கு முந்தின 30 நாள்ல இருந்த மிகக் குறைஞ்ச விலையைக் காட்டணும்னு 2022-லிருந்து விதி இருக்கு. அதே கணக்கை நீயே போட்டுக்கோ. நம்ம முதல் மிக்ஸி போன மாசம் 3,199-க்குக் கிடைச்சிருந்தா, இன்னிக்கு உனக்கு மிச்சம் 200 ரூபாய், ஆறு சதவீதம். நாலாயிரம் இல்லை.

ஒரு இடத்துல மட்டும் கவனம். ஆன்லைன்ல சில பெயர் தெரியாத மாடல் ஒரே ஒரு விற்பனையாளர்கிட்ட மட்டும்தான் இருக்கும். ஒப்பிட வேற கடையும் இருக்காது, பழைய விலையும் இருக்காது. அப்போ தள்ளுபடியை மறந்துட்டு, அதே வாட்ஸ், அதே வாரன்டி உள்ள தெரிஞ்ச கம்பெனி மிக்ஸி என்ன விலைன்னு பாரு. உங்க ஊர்ல அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இருக்கான்னும் கேட்டுக்கோ. ஜார் பிளேடு தேயும்போது அதுதான் தேவைப்படும்.